கத்தரிக்காய் மேல் பழி போடும் முன்: சோரியாசிஸோடு இருந்து தெரிந்துகொண்டவை

சோரியாசிஸ் உள்ளவர்களிடம் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "நேத்து என்ன சாப்பிட்டே?" என்றுதான். கத்தரிக்காயா, கருவாடா, கடலையா என்று விசாரணை நீளும். எனக்கு இரண்டு முழங்கை, இரண்டு முட்டி, தலை என்று பல வருடமாக இந்த நோய் இருக்கிறது. அது ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: இந்தத் தோல் நேற்று நடந்ததற்கு இன்று பதில் சொல்வதில்லை. இரண்டு மூன்று வாரம் முன்பு, சில சமயம் இரண்டு மூன்று மாதம் முன்பு நடந்ததற்குத்தான் இப்போது பதில் சொல்கிறது. அதனால்தான் உண்மையான காரணம் தப்பித்துவிடுகிறது, நேற்றைய குழம்பு மாட்டிக்கொள்கிறது.

முதலில், இது பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் தோலில் எடுத்தவை. அதில் ரோஜா நிறத் திட்டும் மேலே வெள்ளைச் செதிலும் தெரியும். நம் மாநிறத் தோலில் அடித்திட்டு கத்தரிப்பூ நிறத்திலோ கரும்பழுப்பாகவோ இருக்கும், செதில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். விரலால் தடவினால் திட்டின் விளிம்பு தெளிவாகத் தட்டுப்படும். நல்ல தோல் இங்கே முடிகிறது, திட்டு இங்கே தொடங்குகிறது என்று பேனாவால் கோடு போட்டுவிடலாம். முழங்கையின் வெளிப்பக்கம், முட்டியின் முன்பக்கம், இடுப்புக்குப் பின்னால், தலையில் முடி தொடங்கும் இடம், காதுக்குப் பின்புறம் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். இடப்பக்கம் ஒன்று வந்தால் பெரும்பாலும் வலப்பக்கமும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒன்று இருக்கும்.

டாக்டரிடம் போகும் நாளில் எண்ணெயோ களிம்போ தடவாமல் போங்கள். எண்ணெய் பட்டதும் செதிலின் வெள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், வெறும் கருந்திட்டு மட்டும்தான் இருக்கும். பார்ப்பவருக்கு அது படை மாதிரியோ கரப்பான் மாதிரியோ தோன்ற வாய்ப்பு உண்டு. என் தோல் டாக்டர் முழங்கையைப் பார்த்துவிட்டு அதோடு நிற்கவில்லை. நகம், காதுத் துளை, தொப்புள், பின்புறப் பிளவு எல்லாவற்றையும் பார்த்தார். நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற சின்னக் குழிகள் இருந்தன. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தேகம் போய்விட்டது. இந்த நோயைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள், குழப்பமாக இருந்தால் துளி தோல் எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். சாதாரணமாக மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மெதுவாக மேலேறி வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் உடலின் எதிர்ப்பு சக்தி தவறுதலாகத் தோலைத் தூண்டிக்கொண்டே இருப்பதால் அதே பயணம் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் உதிர நேரமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. நாம் காணும் வெள்ளிச் செதில் அந்த அடுக்குதான். கிருமி எதுவும் இதில் இல்லை. தொட்டாலோ, ஒரே சோப்பு, ஒரே சீப்பு, ஒரே படுக்கை என்று புழங்கினாலோ ஒட்டாது. முடி வெட்டப் போன இடத்தில் ஒருவர் சீப்பை நிறுத்திவிட்டு, "சார், தப்பா நெனைக்காதீங்க, இது ஒட்டுமா?" என்று கேட்டார். ஒட்டாது என்று விளக்கிவிட்டு, மெஷினை மண்டையில் அழுத்தாமல் கத்தரிக்கோலால் வெட்டச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். பரம்பரைத் தொடர்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

இனி நாள் கணக்குக்கு வருகிறேன்.

என் விஷயத்தில் மிகத் தெளிவாகப் பிடிபட்டது ஒரு பிரஷர் மாத்திரை. பல வருடம் முழங்கையில் ஒரு சின்னத் திட்டு, தலையில் கொஞ்சம் செதில் என்று அடங்கி இருந்த நோய், ஒரு கோடையில் திடீரென்று தடிக்கத் தொடங்கியது. பொதுவாக எனக்குக் கோடை நல்ல காலம். வெயில் படும், காற்றில் ஈரம் இருக்கும், திட்டுகள் மெலியும். அந்த வருடம் மட்டும் தலைகீழாக நடந்தது. முட்டியில் உள்ளங்கை அளவுக்குப் புதுத் திட்டு வந்தது, தலையில் செதில் கெட்டியாகி முன்நெற்றி வரை இறங்கியது. வீட்டில் கருவாட்டை நிறுத்தினார்கள், பிறகு முட்டையை, பிறகு புளியை. ஒரு மாற்றமும் இல்லை.

தோல் டாக்டர் கேட்ட கேள்வி வேறு. "கடந்த ஆறு மாசத்துல ஏதாவது புது மாத்திரை ஆரம்பிச்சீங்களா? தோலுக்கு இல்ல, எதுக்கா இருந்தாலும் சொல்லுங்க." பிரஷருக்கு மெட்டோப்ரோலால் தொடங்கி அப்போது சில மாதம் ஆகியிருந்தது. சோரியாசிஸோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. மெட்டோப்ரோலால், அடினோலால், ப்ரோப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சிலருக்கு சோரியாசிஸைக் கிளப்பிவிடும். அதுவும் போட்ட மறுநாள் கிளப்பாது. வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துத்தான் தெரியும். மனநலத்துக்குத் தரும் லித்தியம், மலேரியாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் தரும் குளோரோகுயின் வகை மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் பீட்டா பிளாக்கரைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியும் படபடப்பும் வரலாம், இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. தோல் டாக்டர் எனக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார், அதை எடுத்துக்கொண்டு பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் போனேன். அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து அம்லோடிபினுக்கு மாற்றினார். மாற்றிய வாரமே சரியாகவில்லை. முதலில் புதுத் திட்டு வருவது நின்றது. பழைய திட்டுகள் அடங்க அதற்குப் பிறகும் களிம்போடு சேர்ந்து வாரக்கணக்கில் ஆனது. அந்த மெதுவான இறக்கத்தைப் பார்த்துத்தான் நாள் கணக்கு என்பது எனக்கு மனதில் பதிந்தது.

இரண்டாவது தொண்டை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலி ஆறி ஒன்று முதல் மூன்று வாரத்தில் உடம்பெல்லாம் மழைத்துளி தெறித்தது போலச் சின்னச் சின்னத் திட்டுகள் வருவது உண்டு. குழந்தைகளிலும் இளவயதினரிலும் பல பேருக்கு இந்த நோய் இப்படித்தான் தொடங்குகிறது. என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் வந்தது. ஐப்பசி மழையில் தொண்டை வலி, காய்ச்சல். மருந்து சாப்பிட்டுச் சரியாகி, பள்ளிக்கூடமும் போய்விட்டாள். தீபாவளி முடிந்து முதுகிலும் வயிற்றிலும் சிவப்பாகப் புள்ளிகள் வந்ததும், எல்லோரும் பலகாரத்தின் மேலும் புது டிரஸ் சாயத்தின் மேலும் பழி போட்டார்கள். தொண்டை வலி வந்தது யாருக்கும் ஞாபகம் இல்லை, அது ஆறிய கதை. இந்த வகை பல குழந்தைகளுக்குச் சில மாதத்தில் தானாகவே மறைந்துவிடும். சிலருக்குப் பிற்காலத்தில் முழங்கை, முட்டித் திட்டாகத் திரும்பி வரும். அவளுக்கு இதுவரை திரும்பவில்லை. தொண்டை வலி வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுகிறார்கள்.

மூன்றாவது காயம். தோலில் கீறல், சூடு, பூச்சிக்கடி, பச்சை குத்துதல் என்று எது நடந்தாலும், நோய் கிளம்பியிருக்கும் சமயத்தில் சிலருக்கு அந்தக் காயத்தின் வடிவத்திலேயே புதுத் திட்டு முளைக்கும். பொதுவாகப் பத்து முதல் இருபது நாளுக்குள் வரும். எனக்கு முன்கையில் முள் கிழித்த நேர்கோடு, காயம் ஆறிய பிறகு அதே நேர்கோடாகச் செதில் பிடித்து நின்றது. முடி வெட்டுபவரிடம் மெஷினை அழுத்த வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். நகத்தால் செதிலைப் பிய்ப்பதும் இதே கணக்கில் வரும். பிய்த்தால் அடியில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் வரிசையாக எழும். பிய்த்த இடம் இன்னும் தடித்துத் திரும்பி வரும். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க முழங்கை கண்ணாடி மேசையில் உரசிக்கொண்டே இருக்கும். மேசை விளிம்பில் ஒரு மடித்த துண்டு போட்டதும், தரையில் மண்டி போட்டு துணிக்கட்டு எடுப்பதை விட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்து எடுக்கத் தொடங்கியதும் என் முழங்கைக்கும் முட்டிக்கும் களிம்பைப் போலவே உதவின.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. எல்லோருக்கும் பொருந்தும்படி இந்த நோயைக் கிளப்பும் காய்கறியோ மீனோ கிடையாது. மது கிளப்பும், புகை கிளப்பும், உடல் பருமன் நோயைக் கடுமையாக்கும். எடை குறைந்தால் திட்டும் குறைகிறது, மருந்தும் நன்றாக வேலை செய்கிறது. கத்தரிக்காயை நிறுத்துவதை விட இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதில் அக்கறை காட்டினால் பலன் உண்டு. தூக்கம் கெடுவதும் மனக் கவலையும் பலருக்கும் நோயைக் கிளப்புகின்றன, எனக்கும் அப்படித்தான். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் போய் ஏப்ரல் நடுவில் தலையில் செதில் கூடும்.

ஒரு சாதாரணத் தினசரி காலண்டரை இதற்கு வைத்துக்கொள்ளலாம். புது மாத்திரை, காய்ச்சல், தொண்டை வலி, காயம், தூங்காத வாரம் ஆகியவற்றை மட்டும் அதில் குறித்து வைத்தால் போதும். புதுத் திட்டு வரும்போது முதலில் மூன்று வாரம் பின்னால் போய்ப் பாருங்கள், பிறகு மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். எல்லா முறையும் காரணம் கிடைக்காது. சும்மாவே வருவதும் உண்டு. கிடைக்காதபோது வலிந்து ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

மருந்துக்கும் இதே நாள் கணக்குதான்.

முழங்கைக்கும் முட்டிக்கும் எனக்குக் கொடுத்தது குளோபெட்டசால் களிம்பு. இது மிக வலுவான ஸ்டீராய்டு. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் இதைப் போடக்கூடாது, அங்கே தோல் சீக்கிரம் மெலிந்து வரி விழுந்துவிடும். முழங்கைத் தோல் தடிமன் என்பதால் அங்கே தாங்கும். அதற்கும் காலக்கெடு உண்டு. எனக்கு இரண்டு வாரம் தினமும் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் நீட்டினார்கள். செதிலும் தடிப்பும் இறங்கிய பிறகு சனி, ஞாயிறு மட்டும் ஸ்டீராய்டு, மற்ற ஐந்து நாளும் கால்சிபோட்ரையால் களிம்பு என்று மாற்றினார்கள். கால்சிபோட்ரையால் வைட்டமின் டி வகையைச் சேர்ந்தது, தோலை மெலியவைக்காது. ஆனால் நிதானமாகத்தான் வேலை செய்யும், ஆறு எட்டு வாரம் பொறுக்க வேண்டும். சாலிசிலிக் ஆசிட் உள்ள களிம்பை அதே இடத்தில் அதோடு சேர்த்துப் போடக்கூடாது, அந்த ஆசிட் கால்சிபோட்ரையாலைச் செயலிழக்கச் செய்துவிடும். இந்த ஒன்று தெரியாமல் "மருந்து பிடிக்கல" என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளவு ரொம்ப முக்கியம். ட்யூபை ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும், உள்ளங்கை என்றால் விரல்களையும் சேர்த்து. என் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு முழங்கை, இரண்டு முட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கை அளவு திட்டு என்றால் மொத்தம் நான்கு உள்ளங்கை. அதற்கு இரண்டு விரல்நுனி, அதாவது ஒரு கிராம். தினம் ஒரு வேளை போட்டால் 30 கிராம் ட்யூப் ஒரு மாதம் வரும். அதே ட்யூப் நான்கு மாதம் வருகிறது என்றால் பொட்டு வைப்பது போலத் தொட்டுவைக்கிறீர்கள், மருந்து போதவில்லை. பத்து நாளில் தீர்ந்தால் அளவு மிஞ்சுகிறது, அல்லது நோய் களிம்பு தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. இரண்டையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

களிம்பு இல்லாத நேரமெல்லாம் பசை வேண்டும். குளித்துத் துடைத்த கையோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தடவிவிடுவேன். சித்த மருத்துவத்தில் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் ஊதா நிறத் தைலத்தைப் பலர் தடவுகிறார்கள். செதிலை இளக்கவும் அரிப்பைக் குறைக்கவும் எண்ணெய்ப் பசை உதவும் என்பதால் வெளியே தடவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சட்டையில் கறை படியும் என்பதைத் தவிர. அதை நம்பி மற்ற மருந்தை நிறுத்துவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

தலைக்கு வேலை அதிகம். செதில் கெட்டியாக இருக்கும்போது மேலே எந்த லோஷனை ஊற்றினாலும் அது செதிலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. அதனால் முதலில் செதிலை எடுக்க வேண்டும். இரவில் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, சாலிசிலிக் ஆசிட் கலந்த எண்ணெய்க் களிம்பை மண்டைத் தோலில் தடவுவேன். தலையணைமேல் பழைய துண்டு விரித்துப் படுப்பேன். காலையில் சீப்பைச் செங்குத்தாகப் பிடிக்காமல் தோலோடு படிய வைத்து, சின்ன வட்டமாக ஓட்டினால் இளகிய செதில் தானாகக் கிளம்பும். கிளம்பாததை அன்றைக்கு விட்டுவிடுவேன். பிறகு தார் ஷாம்பு போட்டு ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுவேன். தலை காய்ந்ததும் மறுபடி வகிடு பிரித்து ஸ்டீராய்டு லோஷனைத் துளித்துளியாகத் தோலில் விடுவேன், முடியில் விடுவதில்லை. செதிலோடு முடியும் வருவதைப் பார்த்து பயம் வரும். சோரியாசிஸில் விழும் முடி பெரும்பாலும் நோய் அடங்கியதும் திரும்ப முளைத்துவிடும். பொடுகிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு அடையாளம் உண்டு. பொடுகின் செதில் மெல்லியதாக, மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். இது காய்ந்து, தடித்து, முடி எல்லையைத் தாண்டி நெற்றியிலும் பிடரியிலும் தெரியும்.

திட்டு இறங்கும் வரிசையைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வீண் கவலையும் வீண் மருந்தும் மிச்சம். முதலில் செதில் போகும். பிறகு தடிப்பு போகும். அதன் பிறகு சிவப்பு போகும். கடைசியில் கருப்பாகவோ வெளுப்பாகவோ ஒரு தடம் நிற்கும். நம் தோலில் இந்தத் தடம் பல மாதம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோலுக்கும் அந்த இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நோய் அங்கே அடங்கிவிட்டது, எஞ்சியது நிறம் மட்டும்தான். அந்த நிறத்தைப் போக்க ஸ்டீராய்டைத் தொடர்ந்து தேய்ப்பதால் தோல் மெலிவதுதான் நடக்கும்.

இதை நிரந்தரமாகக் குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை. அடக்கி வைக்க மருந்துகள் நிறைய இருக்கின்றன. சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் தோல் சுத்தமாக இருக்கும், பிறகு மறுபடி வரும். "ஒரே மாசத்துல வேரோட போயிடும்" என்று விற்கும் லேபிள் இல்லாத மாத்திரை, பொடி எதையும் வாங்காதீர்கள். கூட வேலை பார்த்த ஒருவர் அப்படி ஒன்றை வாங்கிச் சாப்பிட்டார். பத்து நாளில் தோல் பளிச்சென்று ஆனது, பசி கூடியது, முகம் உப்பியது. அந்த மூன்றும் சேர்ந்து வந்தாலே உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மருந்து தீர்ந்து, விற்றவரும் கிடைக்காமல் நின்றுபோனதும் சில வாரத்தில் உடம்பு முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளமும் குளிர் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. வாய்வழி ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தும்போது சோரியாசிஸ் இப்படித் திருப்பி அடிக்கும். உடம்பின் பெரும்பகுதி சிவந்து உரிந்தாலோ, சீழ்ப்புள்ளிகளோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

களிம்பு போதாத அளவுக்குப் பரவினால் அடுத்த படிகள் உண்டு. ஒரு உள்ளங்கை என்பது உடலின் மொத்தத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. பத்து உள்ளங்கைக்கு மேல் போனாலோ, குறைவாக இருந்தும் தலை, உள்ளங்கை, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் வந்து அன்றாட வேலையைக் கெடுத்தாலோ டாக்டர்கள் லைட் சிகிச்சையையோ மாத்திரையையோ யோசிப்பார்கள். லைட் சிகிச்சை என்பது புற ஊதாக் கதிரின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் தரும் குழல்விளக்குப் பெட்டிக்குள் நிற்பது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பிறப்புறுப்பைத் துணியால் மூடிக்கொண்டு, வாரம் இரண்டு மூன்று தடவை, மொத்தம் இருபது முப்பது தடவை போக வேண்டி வரும். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருபவருக்கு அதுதான் கஷ்டம். முடி மறைப்பதால் தலைக்கு இது அவ்வளவாக உதவாது.

எனக்கு மாத்திரை தேவைப்பட்டது வேறு காரணத்தால். காலையில் எழுந்ததும் வலது கை நடுவிரல் மடங்காது. விரல் முழுவதும் அடியிலிருந்து நுனி வரை சீராக வீங்கியிருக்கும். குதிகாலில் முதல் சில அடி எடுத்து வைக்கும்போது குத்தும். நடமாடி அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் இளகும். பக்கத்து கிளினிக்கில் வாதத்துக்கான ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்து, "நெகட்டிவ், ஒண்ணும் இல்ல" என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். சோரியாசிஸால் வரும் மூட்டு வீக்கத்தில் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். சோரியாசிஸ் உள்ள பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு மூட்டும் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் தோலில் வந்து பல வருடம் கழித்து வரும். தலையிலும் நகத்திலும் நோய் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். தோல் கறுத்தால் நிறம் திரும்பும், மூட்டு அரித்துவிட்டால் திரும்பாது. ஆறு மாதம் தள்ளிப்போவதே சேதத்தைக் கூட்டும் என்பதால், காலை இறுக்கம் இருந்தால் "எனக்கு சோரியாசிஸ் இருக்கு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி மூட்டு டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும், அப்படி நடந்தும் இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்திருக்கிறேன். காலண்டரில் வட்டம் போட்டு, போட்டதும் டிக் அடித்து, அட்டையை என் தினசரி பிரஷர் மாத்திரை டப்பாவில் சேர்க்காமல் தனியாக வைக்கிறேன். மற்றொரு நாளில் ஃபோலிக் ஆசிட். மது கூடவே கூடாது. ரத்த அணுக்களும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று டாக்டர் சொன்ன இடைவெளியில் பரிசோதனை. கர்ப்பமாக இருப்பவர்களோ அதற்குத் திட்டமிடுபவர்களோ இதைத் தொடக்கூடாது, அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அந்த வார மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்கும் அடங்காதவர்களுக்கு இப்போது ஊசி மருந்துகள் இருக்கின்றன. நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் விலை அதிகம். உள்ளே உறங்கும் டிபி கிளம்பிவிடக் கூடும் என்பதால் தொடங்கும் முன் அதற்குப் பரிசோதிப்பார்கள்.

மெத்தோட்ரெக்சேட்டும் மெதுவாகத்தான் இறங்கியது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதத்தில் காலை இறுக்கம் குறைந்தது, மூன்றாவது மாதம் தாண்டி விரல் முழுதாக மடங்கியது. இப்போது முழங்கையில் கருந்தடம் இருக்கிறது, தடவினால் வழவழப்பு. இடது முட்டியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் செதில் உண்டு, வார இறுதிக் களிம்பு அதற்குப் போதுமாக இருக்கிறது. தலை ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் ஏறி, பங்குனி வெயிலில் இறங்கும். பிரஷருக்கோ வேறு எதற்கோ புதிதாக யார் மருந்து எழுதினாலும், வாங்குவதற்கு முன் சோரியாசிஸ் இருப்பதையும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதையும் சொல்லி, இது சேருமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.